‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்னும் பதில்

வேலை மாற எண்ணும் ஒருவருக்கு, ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரிடமிருந்து வரும் முதல் மின்னஞ்சலில், அவருடைய அனுபவத்தையும் திறமையையும் பற்றிய கேள்விகளோடு மூன்று கேள்விகள் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகின்றன: நோட்டீஸ் காலம் எத்தனை நாள், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்து சேர முடியும் என்பவை அவை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் மென்பொருள் உத்தியோகத்தில் இருப்பவர்களிடையே, இம்மூன்றுக்கும் விடை கூறவேண்டிய முறை இன்னதென்று ஓர் அபிப்பிராயம் ஏறக்குறைய சாஸ்திரமாகவே நிலைபெற்றுவிட்டது. தொகையை முதலில் சொன்னவன் தோற்பான். ஆகையால் சம்பளக் கேள்விக்கு ‘நெகோஷியபிள்’ என்றோ, ‘கம்பெனி விதிமுறைப்படி’ என்றோ எழுதிவிட வேண்டும். நோட்டீஸ் காலம் 90 நாள் என்று உள்ளபடி எழுதினால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். ஆகையால் ‘முப்பது நாளில் வரலாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதிவிட்டு மற்றதைப் பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதியைக் கேட்டால் ‘கூடிய விரைவில்’ என்பதே போதும். இதுதான் அந்த உபதேசம்.

இதைச் சொல்பவர்கள் பிறருக்குத் தீங்கு நினைப்பவர்கள் அல்லர். தாங்கள் கேட்ட தொகைக்கு உடனே சம்மதம் கிடைத்ததைக் கண்டு மகிழ்ந்து வேலையில் சேர்ந்து, சில மாதங்களுக்குப் பின், அதே வேலையைச் செய்யும் பக்கத்து இருக்கைக்காரர் தம்மைவிட மிக அதிகம் பெறுவதை அறிந்து மனம் புழுங்கியவர்கள் அவர்களில் பலர். அந்தப் புழுக்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் பெற்ற முடிவு பிழையானது என்றும், அதைப் பின்பற்றுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் நஷ்டத்தையே விளைவிக்கிறது என்றும், முதல் பதிலிலேயே நோட்டீஸ் காலத்தையும் தொகையையும் தேதியையும் திட்டமாகச் சில வரிகளில் எழுதிவிடுவதே வேலை தேடுபவரின் நலத்தைக் காப்பது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முதற்கண், அந்த மின்னஞ்சல் எத்தகைய காரியத்தின் பகுதி என்பதையே இவ்வுபதேசம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பேரத்தின் தொடக்கமாக அது பாவிக்கிறது. உண்மையிலோ அது பேரம் அன்று, சல்லடை. ஒரு காலியிடத்துக்கு வந்த விண்ணப்பங்களைக் கையில் வைத்திருக்கும் ரெக்ரூட்டர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை வீதம் எக்செல் தாளில் பெயர், மொத்த அனுபவம், இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் காலம், ஊர் என்று கட்டங்களை நிரப்பி, அத்தாளை ஆள் தேவைப்படும் மேலாளருக்கு அனுப்புகிறார். மேலாளரிடம் அந்த இடத்துக்கென்று ஒதுக்கிய தொகை ஒன்று உண்டு. வேலை தொடங்கியாக வேண்டிய மாதம் ஒன்றும் உண்டு. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டே அவர் அந்தத் தாளை நோக்குகிறார். ‘நெகோஷியபிள்’ என்று எழுதிய கட்டம் அவருக்கு ஒன்றும் அறிவிப்பதில்லை. அந்த வரிசைக்காரருக்காக மீண்டும் தொலைபேசியில் கேட்கும் அவகாசம் ரெக்ரூட்டருக்கு இருக்குமாயின் கேட்பார். திட்டமான விடை தந்த வேறு சிலர் அதே தாளில் இருப்பார்களாயின், அவர்களையே முதலில் நேர்காணலுக்கு அழைப்பார்.

அந்த ரெக்ரூட்டரை எதிராளியாக எண்ணுவதும் பொருந்தாது. அவர் வெளியிலுள்ள கன்சல்டன்சியைச் சேர்ந்தவராயின், சேர்த்துவிடும் ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 பங்கை, அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தை, அந்தக் கன்சல்டன்சி, ஆள் தேடும் நிறுவனத்திடமிருந்து கட்டணமாகப் பெறுவது இந்நாட்டில் பரவலான வழக்கம். நம் சம்பளத்தைக் குறைப்பதால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. நிறுவனத்திற்குள்ளேயே இருக்கும் எச்.ஆர். அலுவலராயினும், இந்த முதற்கட்டத்தில் அவர் அறிய விரும்புவது, நாம் கேட்பது ஒதுக்கிய தொகைக்குள் அடங்குமா என்பது ஒன்றே. வீட்டுத் தரகரிடம் எவ்வளவு வாடகை தர இயலும் என்று சொல்லாமல், நல்ல வீடாகக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்பவர், தமக்கு ஒவ்வாத வீடுகளைப் பார்த்து அலைவதைத் தவிர வேறு பயன் காண்பதில்லை. தொகையை மறைத்து மூன்று சுற்று நேர்காணல்களுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு செல்பவரும் அவரைப் போன்றவரே.

இனி, முதலில் தொகையைச் சொன்னவன் தோற்பான் என்னும் சித்தாந்தத்தைப் பார்ப்போம். மனிதர்கள் ஒரு தொகையை மதிப்பிடும்போது, முதலில் காதில் விழுந்த எண்ணைச் சுற்றியே அவர்களுடைய மனம் சுழல்கிறது என்பதை டிவெர்ஸ்கி, கானெமன் என்னும் இரு உளவியலறிஞர்கள் 1974-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். பேரங்களில் இதன் விளைவை ஆராய்ந்த கலின்ஸ்கியும் முஸ்வைலரும், முதல் தொகையைச் சொன்னவருக்கே முடிவு சாதகமாக அமையும் போக்கினை 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டார்கள். எதிர்த்தரப்பினர் தம் சொந்த இலக்கை மனத்தில் ஊன்றிக்கொண்டபோது அந்தச் சாதகம் மறைந்ததையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, முதலில் சொல்வதால் தோல்வி வருவதில்லை. விலை அறியாமல் சொல்வதால்தான் தோல்வி வருகிறது. பக்கத்து இருக்கைக்காரரைக் கண்டு புழுங்கிய நண்பர் இழந்தது, தொகையைச் சொன்னதனால் அன்று. தம் அனுபவத்துக்கும் அந்த வேலைக்கும் சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்னரே விசாரிக்காமல், தம் பழைய சம்பளத்தின்மேல் கொஞ்சம் கூட்டிச் சொன்னதனால். அறியாமைக்கு மௌனம் மருந்தாகாது. மௌனமாக இருந்தால் எதிர்த்தரப்பினர் தம் தொகையைச் சொல்வார்கள். விலை அறியாதவர் அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார். அதே வேலையில் அதே ஆண்டு அனுபவமுள்ள இரண்டு மூன்று பேரை நேரிற் கேட்டறிந்து, பிறகு ஒரு தொகையைத் தீர்மானித்து எழுதுவதே வழி. அத்தொகையோடு, ‘இந்தப் பணிக்கு ஒதுக்கிய சம்பள வரம்பையும் தெரிவிக்கக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால், நாம் நம் எண்ணைச் சொன்ன மாத்திரத்திலேயே அவர்களுடைய எண்ணைக் கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது. தாம் ஒன்றும் சொல்லாதவருக்கு இந்த உரிமை இல்லை.

பதினைந்திலிருந்து பதினெட்டு இலட்சம் என்று ஒரு விரிவைக் கொடுப்பதும் சிலருக்கு நடுவழியாகத் தோன்றுகிறது. கொடுப்பவர் மனத்தில் பதினெட்டு நிற்கிறது. பெறுபவர் தாளில் பதினைந்து எழுதப்படுகிறது. ஒரே தொகை எழுதுவதுதான் இருவருக்கும் ஒரே பொருளைத் தரும்.

அந்த ஒரு தொகையும் எதன் தொகை என்று சொல்லாவிட்டால் பிரயோஜனமற்றது. இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது அவசியம். ஏனெனில், திட்டமாகச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் முழு நியாயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒருவருடைய நிலையான ஆண்டு சி.டி.சி. 12 இலட்சம் என்றும், அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்றும் கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய் ஆகிறது. அதன்மேல் நூற்றுக்கு 12 வீதம் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 6,000 ரூபாய், கிராஜுவிடிக்கென்று 4.81 வீதம் ஒதுக்குவது 2,405 ரூபாய். இவ்விரண்டும் அந்த 12 இலட்சத்துக்குள்ளேயே அடக்கம். ஆகவே, மாதம் ஓர் இலட்சம் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பது, பே ஸ்லிப்பில் 91,595 ரூபாயாகவே தொடங்குகிறது. அதிலிருந்து அவர் பங்கான வைப்பு நிதி 6,000 ரூபாயும் வருமான வரியும் கழிய வேண்டும். இன்னொரு நிறுவனம், ஆண்டு இறுதியில் கிடைக்கவும் கிடைக்காமற்போகவும் கூடிய ஊக்கத் தொகையையும், ஊழியர் கையாலும் தொட இயலாத மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்து 16 இலட்சம் என்று எழுதித் தருமானால், அதில் நிலையாக வருவது 13 இலட்சமே ஆகவும் இருக்கலாம். ‘எதிர்பார்ப்பு 16 இலட்சம்’ என்று மட்டும் எழுதியவர், கேட்டது கிடைத்தும் ஏமாந்தவராவார். ‘ஊக்கத் தொகை நீங்கலாக, நிலையான சம்பளம் 16 இலட்சம்’ என்று எழுதியவருக்கு அந்த ஏமாற்றம் நேராது. மறைப்பதால் நமக்குக் காப்பு உண்டாகும் என்று சொல்லும் உபதேசம், நான்கு சொற்களால் கிடைக்கும் இந்தக் காப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நோட்டீஸ் கால விஷயத்தில் இவ்வுபதேசம் செய்யும் தீங்கு இன்னும் பெரியது. 90 நாள் நோட்டீஸ் உள்ளவர் ‘முப்பது நாள்’ என்று எழுதும்போது, தம் கையில் இல்லாத ஒன்றை அவர் வாக்களிக்கிறார். அவருடைய நியமன உத்தரவை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். அதில் பார்க்கவேண்டியவை நான்கு. காலம் நாள் கணக்கா, மாதக் கணக்கா என்பது ஒன்று. அது ராஜினாமாவைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுமா, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தா என்பது மற்றொன்று. நோட்டீஸ் காலத்தில் எடுத்த விடுப்பு அக்காலத்தை நீட்டுமா என்பது மூன்றாவது. நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டு விலகும் உரிமை, அதாவது பை அவுட், ஊழியருக்கு உண்டா, அல்லது நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறதா என்பது நான்காவது. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பல உத்தரவுகளில் இந்த உரிமை நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. பணம் கட்டத் தயார் என்று ஊழியர் சொன்னாலும், ப்ராஜெக்ட் மேலாளர் சம்மதிக்காவிட்டால் ரிலீவிங் லெட்டர் உரிய நாளில் கைக்கு வராது.

எவரையும் வலுக்கட்டாயமாக வேலையில் இருத்திவைக்க இந்நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பது உண்மை; தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் அப்படியே நிறைவேற்றிவைப்பதில்லை. ஆனால் அந்த உண்மையை நம்பி நோட்டீஸ் முடியாமல் வெளியேறியவர், நோட்டீஸ் தொகையை வசூலிக்கும் கோரிக்கைக்கு ஆளாவதோடு, ரிலீவிங் லெட்டர் இன்றிப் புதிய நிறுவனத்தின் சரிபார்ப்பின்முன் நிற்க நேரிடும். எந்த நாளில் எங்கே சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்பது வைப்பு நிதிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அது மறையாது. முப்பது நாளை நம்பி ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி எழுதிய நிறுவனம், அத்தேதி தவறியபின் ஆஃபரையே திரும்பப் பெறக்கூடும். அப்போது அந்த ஊழியர் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையும் இன்றி நிற்பார்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று சொல்வார்கள்; அது வலுவானதே. 90 நாள் என்று எழுதினால் பல இடங்களில் உண்மையாகவே பெயரைத் தள்ளிவிடுகிறார்களே, உண்மை பேசி வாய்ப்பை இழப்பதா என்பது அது. தள்ளிவிடுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அடுத்த மாதமே ஆள் வேண்டும் என்னும் இடத்துக்கு 90 நாள்காரர் உதவமாட்டார். அந்த இடத்தை அவர் முதல் நாளிலேயே இழப்பதற்கும், மூன்று சுற்று நேர்காணல்களையும் கடந்து ஆஃபர் கட்டத்தில் இழப்பதற்கும் இடையே, முன்னதே குறைந்த இழப்பு. ஆனால் உண்மை என்பது 90 என்னும் எண் மட்டுமே அன்று. தம் உத்தரவில் பை அவுட் உரிமை ஊழியருக்கு இருக்குமாயின் அதுவும் உண்மை. தம் பிரிவில் இவ்வாண்டு விலகியவர்களை 60 நாளில் விடுவித்தார்கள் என்பது தெரியுமாயின் அதுவும் உண்மை. ‘90 நாள், மேலாளர் சம்மதித்தால் 60 நாளில் விலக இயலும், அதற்கு உறுதி கூற இயலாது’ என்று எழுதுவதில் பொய்யும் இல்லை, விட்டுக்கொடுத்த வாய்ப்பும் இல்லை. பை அவுட் தொகை அடிப்படைச் சம்பளத்தின்மேலா, மொத்தச் சம்பளத்தின்மேலா என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. முன்சொன்ன உதாரணத்தில் முப்பது நாளுக்கு முதற்கணக்கில் 50,000 ரூபாயும், இரண்டாவது கணக்கில் 91,595 ரூபாயும் ஆகும். அதைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்று கேட்பதற்கு நம்மிடம் தொகை வேண்டும்.

தேதிக் கேள்விக்கு ‘கூடிய விரைவில்’ என்று எழுதுவோர், கணக்கிட்டுப் பார்க்காததனால்தான் அவ்வாறு எழுதுகிறார்கள். 12 இலட்சம் சி.டி.சி. பெறும் அந்த உதாரண நண்பருக்கே 90 நாள் நோட்டீஸ் உண்டு என்றும், மின்னஞ்சல் 2025 ஜூன் 2-ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது என்று கொள்வோம். நேர்காணல்கள் முடிந்து ஜூன் 20, வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் லெட்டர் கைக்கு வருமாயின், ஜூன் 23, திங்கட்கிழமை அவர் ராஜினாமாவைக் கொடுக்கலாம். எழுத்துமூலமான ஆஃபர் வருமுன் கொடுக்கலாகாது. அன்றையிலிருந்தே எண்ணினால் ஜூனில் 8 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 20. ஆக 90-ஆவது நாள் செப்டம்பர் 20, சனிக்கிழமை. புதிய இடத்தில் சேரத்தக்க முதல் நாள் செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ‘மூன்று மாதம்’ என்று மனத்தில் வைத்திருப்பவர், மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து எண்ணி செப்டம்பர் தொடக்கம் என்று சொல்லிவிடுவார். ராஜினாமாவுக்கு முன் கழியும் மூன்று வாரம் அவர் கணக்கில் வராது. இந்தப் பிழை சிறியதாகத் தோன்றினாலும், ஆஃபர் லெட்டரில் ஏறிய தேதியை மாற்றவேண்டி வரும்போதுதான் அதன் பருமன் தெரிகிறது.

மறைப்பது சரியென்று சொல்வோரோடு நான் உடன்படும் இடம் ஒன்று உண்டு. அது இப்போதைய சம்பளம். எதிர்பார்க்கும் தொகை நம் தீர்மானம். இப்போது வாங்கும் தொகையோ பழைய முதலாளியின் தீர்மானம். குறைந்த சம்பளத்தில் தொடங்கிய ஒருவர், ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தக் குறைவையே சுமந்து செல்லும்படி இந்தக் கேள்வி செய்துவிடுகிறது. பெண்களுக்கு இது இழைத்த அநீதியை முன்னிட்டே நியூயார்க் நகரில் 2017-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தும், கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்தும் இதைக் கேட்பதற்குத் தடை விதித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும் இக்கேள்வியை விலக்குவதோடு, சம்பள வரம்பை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும் என்கிறது. இந்தியாவில் அத்தகைய தடை இல்லை. பின்னர் பே ஸ்லிப்பும் படிவம் 16-உம் கேட்கிறார்கள். ஆகவே இங்கே ஒருவர் செய்யக்கூடியது, எதிர்பார்ப்பை மட்டும் எழுதி, இப்போதைய சம்பளத்தை அடுத்த கட்டத்தில் தெரிவிப்பதாகச் சொல்வது. வற்புறுத்தினால் நிலையானது இவ்வளவு, ஊக்கத் தொகை இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது. கூட்டிச் சொல்வது மட்டும் கூடாது. ஆஃபருக்குப் பின் வரும் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவும் அடங்கிய பதில் நீளமாக இருக்கத் தேவையில்லை. அந்த நண்பர் எழுதக்கூடியது இதுதான்:

“வணக்கம். இந்தப் பணியில் எனக்கு விருப்பம் உண்டு. நோட்டீஸ் காலம்: 90 நாள், ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து, மேலாளர் சம்மதித்தால் 60 நாள், உறுதியில்லை. எதிர்பார்ப்பு: ஊக்கத் தொகை நீங்கலாக நிலையான சி.டி.சி. ஆண்டுக்கு 16 இலட்சம். சேரும் தேதி: ஜூன் 20-க்குள் ஆஃபர் கிடைத்தால் செப்டம்பர் 22. நேர்காணலுக்கு வேலை நாட்களில் மாலை 6 மணிக்குப் பின் வசதி. இப்பணிக்கான சம்பள வரம்பைத் தெரிவிக்கக் கோருகிறேன்.”

இதைவிட விரிவாக எழுதுவதால் பயன் இல்லை. ரெக்ரூட்டர் இதைக் கைபேசியில் படிக்கிறார். படித்தவுடன் கட்டங்களை நிரப்புகிறார். சில வேளை அப்படியே மேலாளருக்கு அனுப்பிவிடுகிறார். ஏன் வேலை மாறுகிறோம், இத்தொகை ஏன் நியாயம் என்னும் விளக்கங்கள் நேர்காணலுக்கு உரியவை. இங்கே அவை எழுதப்பட்டால், தேடவேண்டிய எண்கள் அவற்றுக்கிடையே மறைந்துபோகும். தொலைபேசியில் கேட்டாலும், பேசி முடித்தபின் இதே வரிகளை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பது நலம். நிலையான சம்பளம் என்று சொன்னோமா, மொத்தம் என்று சொன்னோமா என்ற தகராறு எழும்போது, எழுத்தில் இருப்பது ஒன்றே நிற்கும்.

அந்தப் பதிலில் உள்ள தேதி ஆஃபர் கிடைக்கும் நாளைப் பற்றிய நிபந்தனையோடு எழுதப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. நேர்காணல்கள் தள்ளிப்போவது சாதாரணம். ஆஃபர் ஜூலை 4-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் வந்ததென்றால், ராஜினாமா ஜூலை 7, 90-ஆவது நாள் அக்டோபர் 4, சேரும் நாள் அக்டோபர் 6, திங்கட்கிழமை. ஆஃபர் ஜூலை 4-க்குத் தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்றே, யாரும் கேட்பதற்குமுன், ‘ஆஃபர் தேதி மாறியதால் சேரும் தேதி அக்டோபர் 6 என்று திருத்திக்கொள்ளவும்’ என்று அதே மின்னஞ்சலின் கீழ் ஒரு வரி எழுதி அனுப்பினால், எக்செல் தாளில் அந்தக் கட்டத்தை ரெக்ரூட்டர் மாற்றிக்கொள்வார். ஆஃபர் லெட்டரும் சரியான தேதியோடு வரும்.